எபிசோட் 58: பணம் வாங்கிட்டேன், புத்தகம் எங்கே?

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். நாளைக்கு, ஜூன் 15, என்னோட ரெண்டாவது புத்தகத்துக்கு முன்பதிவு திறக்குது. பேஜ்ல என்ன எழுதியிருக்கேனோ அதை இங்க வாசிச்சுக் காட்டப் போறேன். ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்குன்னும் சொல்லிடறேன். ஏன்னா முதல் புத்தகத்துக்கு நான் எழுதின முன்பதிவு அறிவிப்பு பொய்யாப் போச்சு. அதை நம்பிப் பணம் கட்டின 212 பேர்ல நிறைய பேர் இப்பவும் இதைக் கேட்டுட்டு இருக்கீங்க.

முதல்ல அந்தப் பழைய அறிவிப்பு. போன நவம்பர் 11 அன்னைக்கு போட்டது. "ஜனவரி 3 முதல் உங்கள் கைகளில்! முதல் 100 பேருக்கு ஆசிரியர் கையெழுத்து, புத்தகத்துக்குள் உங்கள் பெயர், பிரத்யேக புக்மார்க், 25 சதவீதத் தள்ளுபடி!" மூணு ஆச்சரியக்குறி வேற இருந்துச்சு, இங்க ஒண்ணைக் குறைச்சிருக்கேன். புத்தகக் கண்காட்சி நேரத்துல வந்துடணும்னு ஒரு வெறி. கடைசிப் பார்சலை நான் தபால்ல போட்டது பிப்ரவரி 8. சொன்ன தேதியிலிருந்து 36 நாள் லேட்.

அந்த 36 நாளைக் கூட மன்னிச்சிருப்பாங்க. பிப்ரவரி 1 அன்னைக்கு ஒரு சின்ன வெளியீட்டு விழா வெச்சோம். பிரஸ்ல இருந்து முந்தின நாள்தான் பண்டல் வந்திருந்துச்சு. அதுல 40 பிரதியை விழாவுல வித்தோம், போட்டோ போட்டோம். அன்னைக்கு ராத்திரி திருப்பூர்ல இருந்து ஒருத்தங்க மெசேஜ். "ப்ரோ, நான் நவம்பர்லயே பணம் கட்டினேன். இன்னைக்கு நடந்து வந்தவங்க கையில புக் இருக்கு. நான் சீக்கிரம் வாங்கினதுக்கு எனக்குக் கிடைச்ச சலுகை என்ன?" பதில் டைப் பண்ணிப் பண்ணி அழிச்சேன். அவங்க கேட்டது சரி. முன்பதிவு பண்ணினவங்களோட பணத்துல அச்சடிச்சு, அவங்களைக் கடைசியா நிக்க வெச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து, எங்க நாள் போச்சுன்னு ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் விழுந்தா எழுதற மாதிரி எழுதிப் பார்த்தேன். நவம்பர் 11ல மூணு கட்டுரை இன்னும் எழுதவே இல்ல. 14 நாள்ல முடிப்பேன்னு நெனச்சேன், 26 நாள் ஆச்சு. அது முடிஞ்ச அப்புறம் பக்க வடிவமைப்புக்கு 4 நாள் கணக்கு போட்டிருந்தேன், 9 ஆச்சு. மெய்ப்புத் திருத்தம் 7 நாள், ஆனது 16. பிரஸ் 10 நாள், ஆனது 21. பார்சல் கட்டறது ரெண்டு சாயங்காலம்னு நெனச்சேன், எட்டு ஆச்சு. நடுவுல கணக்குலயே இல்லாத ஒரு வேலை 9 நாள் தின்னுச்சு. அதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா அது நானே கொடுத்த சலுகை.

"புத்தகத்துக்குள் உங்கள் பெயர்." கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. செலவு பூஜ்யம், ஒரு பக்கத்துல நூறு பேர் அச்சடிச்சா போச்சு. ஆனா ஃபார்ம்ல எல்லாரும் பேரை இங்கிலீஷ்ல டைப் பண்ணியிருந்தாங்க. கே, ஏ, எல், ஏன்னு நாலு எழுத்து வந்தா அது கலாவா, காலாவா? வி, ஏ, எல், எல், ஐ — வள்ளியா, வல்லியா? தப்பா அச்சடிச்சா சலுகை அவமானமா மாறிடும். அதனால நூறு பேருக்கும் தனித்தனியா கேட்டு மெயில் அனுப்பினேன். எழுபது பேர் ரெண்டு நாள்ல பதில் போட்டாங்க. மிச்சம் முப்பது பேருக்காக மொத்தப் புத்தகமும் காத்துக்கிட்டு இருந்துச்சு.

இந்த "காத்துக்கிட்டு"தான் விஷயம். பேர்ப் பட்டியல் முடியாம கடைசிப் பக்க எண்ணிக்கை தெரியாது. பக்க எண்ணிக்கை தெரியாம முதுகுப் பட்டையோட அகலம் தெரியாது. நம்ம புத்தகம் மாதிரி 176 பக்கம்னா முதுகு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் வரும், பேப்பரைப் பொறுத்து மாறும். அந்த அகலம் தெரியாம அட்டை ஃபைலை முடிக்க முடியாது. அட்டை இல்லாம பிரஸ் தொடாது. ஆக நூறு பேருக்குக் கொடுத்த ஒரு சலுகை 212 பேரோட புத்தகத்தையும் நிறுத்தி வெச்சுது.

கையெழுத்தும் அதே கதைதான். கையெழுத்து போடணும்னா பிரஸ்ல இருந்து எல்லாப் புத்தகமும் முதல்ல என் வீட்டுக்கு வரணும். ஒரு பிரதி சுமார் 200 கிராம், 212 பிரதின்னா 40 கிலோவுக்கு மேல. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. யாருக்குக் கையெழுத்து உண்டு, யாருக்கு இல்லன்னு பட்டியல் பார்த்துப் பிரிச்சு, மை காயற வரைக்கும் விரிச்சு வெச்சு, அப்புறம் கவர்ல போட்டு... புக்மார்க் வேற இன்னொரு அச்சகத்துல இருந்து ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. அதுவரைக்கும் கட்டின கவரை ஒட்டாம வெச்சிருந்தோம்.

அதனால இந்த முறை சலுகையை யோசிக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இந்தச் சலுகை தயாராகலன்னா புத்தகம் நிக்குமா? நிக்கும்னா அந்தச் சலுகை வேண்டாம்.

சரி, புது அறிவிப்பை வாசிக்கறேன். கொஞ்சம் எழுத்துத் தமிழா இருக்கும், பொறுத்துக்கோங்க.

"ராத்திரி 2 மணி. மென்பொருள் உடைந்துபோன பன்னிரண்டு கதைகள். 1996இல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி சுமார் 40 நொடியில் ஏன் வெடித்தது என்பதிலிருந்து, நம் ஊர் டிக்கெட் கவுன்ட்டரில் கியூ ஏன் நகர மறுக்கிறது என்பதுவரை. 176 பக்கம். கோடிங் தெரியாதவர்களும் படிக்கலாம்."

இது புத்தகம் என்னங்கற பகுதி. போன தடவை இங்க என் வாழ்க்கை வரலாறு ரெண்டு பத்தி இருந்துச்சு. தூக்கிட்டேன். அடுத்து:

"இன்றைய நிலை: பன்னிரண்டு கட்டுரைகளும் எழுதி முடிந்தன. முதல் மெய்ப்புத் திருத்தம் முடிந்தது. பக்க வடிவமைப்பு ஜூன் 14 அன்று தொடங்கியது. அட்டை ஓவியம் தயார். பக்க எண்ணிக்கை உறுதியானதும் முதுகுப் பட்டை சேர்க்கப்படும். அச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை."

இந்தப் பத்தியைத்தான் ரொம்ப நேரம் யோசிச்சு எழுதினேன். முன்பதிவுப் பக்கங்கள்ல பெரும்பாலும் இது இருக்காது. "விரைவில்"னு இருக்கும். வாங்கறவங்களுக்கு எந்த இடத்துல ரிஸ்க் இருக்குன்னு தெரியணும். எழுதி முடிக்காத புத்தகத்துக்குப் பணம் கட்டறது வேற, அச்சுக்குப் போகக் காத்திருக்கற புத்தகத்துக்குக் கட்டறது வேற.

முன்பணம் வாங்கிப் புத்தகம் போடறது ஒண்ணும் புதுசு இல்ல. உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சப்போ முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் வேலையை நடத்தினார். லண்டன்ல சாமுவேல் ஜான்சன், அந்த அகராதி எழுதினவர், 1756ல ஷேக்ஸ்பியர் பதிப்பு ஒண்ணு கொண்டு வரப் போறேன்னு அறிவிச்சு சந்தா வாங்கினார். அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள்ள வந்துடும்னு சொன்னார். வந்தது 1765 அக்டோபர்ல. நடுவுல 1762ல சர்ச்சில்னு ஒரு கவிஞர், அரசியல்வாதி சர்ச்சில் இல்ல, பணம் வாங்கிட்டு புக் எங்கேன்னு கவிதையிலயே கிண்டல் பண்ணிட்டார். நல்லவேளை என்னைப் பத்தி யாரும் கவிதை எழுதல. நேர் எதிர் உதாரணம் பிராண்டன் சாண்டர்சன். 2022ல கிக்ஸ்டார்ட்டர்ல நாலு நாவலுக்கு 4 கோடி டாலருக்கு மேல திரட்டினார். அதுல நான் கவனிச்சது பணத்தை இல்ல. நாலையும் எழுதி வெச்சுட்டுத்தான் அறிவிப்பையே போட்டார்.

அடுத்த பகுதி, விலையும் சலுகையும்.

"முன்பதிவு விலை 230 ரூபாய், இந்தியாவுக்குள் தபால் செலவு உட்பட. ஜூலை 5க்குப் பிறகு 250 ரூபாயும் தபால் செலவும். முன்பதிவு செய்பவர்களுக்கு: ஏரியன் 5 கட்டுரையின் ஒலி வடிவம், பணம் செலுத்திய உடனே மின்னஞ்சலில். விருப்பப்பட்டால் கையெழுத்திட்ட ஒட்டுத்தாள், புத்தகத்தின் முதல் பக்கத்தில். முன்பதிவுப் பார்சல்கள் எல்லாம் அனுப்பி முடிக்கும் வரை வேறு எங்கும் ஒரு பிரதிகூட விற்கப்படாது."

ஒலி வடிவத்தை ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணி, எடிட் பண்ணி வெச்சாச்சு. இனிமே அது எதையும் லேட்டாக்க முடியாது. ஒட்டுத்தாள் யோசனை ஒரு நண்பர் கொடுத்தது. சின்ன ஸ்டிக்கர் ஷீட், அதுல நான் கையெழுத்து போட்டு வெச்சுக்கறேன். பிரஸ்ல புக் ஓடிட்டு இருக்கற நாள்லயே இதை உட்கார்ந்து போட்டுடலாம். பார்சல் கட்டும்போது ஒட்டினா முடிஞ்சுது. புக்மார்க் இல்ல. பேர் அச்சடிக்கறது இல்ல. "முதல் 100 பேர்"ங்கறதும் இல்ல, ஏன்னா நூத்தி ஒண்ணாவது ஆள் யாருன்னு போன தடவை நான் சரியாப் பார்க்கவே இல்ல. அந்த நூறுங்கற நம்பர் அவசரப்படுத்தறதுக்காக வெச்சது, அவ்வளவுதான்.

கடைசி வரிதான் திருப்பூர் மெசேஜுக்கான பதில். என்னைக் கேட்டா, சீக்கிரம் வாங்கறவங்களுக்குக் கொடுக்கக்கூடிய முதல் சலுகையே சீக்கிரம் கொடுக்கறதுதான். இது காசு செலவு இல்லாத சலுகை, ஆனா வெளியீட்டு விழா ஆசையைத் தள்ளி வைக்கணும்.

விலைக்கணக்கும் சொல்லிடறேன், ஏன் 25 சதவீதம் இல்லன்னு கேப்பீங்க. எனக்குக் கிடைச்ச கொட்டேஷன்ல 300 பிரதி அடிச்சா ஒண்ணு 78 ரூபாய். தபாலும் கவரும் சராசரியா 70 வெச்சிருக்கேன். 230ல அது போக நிக்கறது 82. வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை மூணும் சேர்த்து 22,000. 269 பேர் வாங்கினா கை கடிக்காது. வாங்கலன்னா? அதையும் பேஜ்ல எழுதியிருக்கேன்: "எத்தனை பேர் முன்பதிவு செய்தாலும் புத்தகம் அச்சாகும்." பத்துப் பேர் மட்டும் வந்தாலும் மிச்சத்தை நான் போடறேன். இதை எழுத முடியலன்னா முன்பதிவே திறக்கக்கூடாதுன்னு தோணுச்சு.

இப்போ தேதி.

"முன்பதிவு ஜூலை 5 இரவு முடிகிறது. கடைசிப் பார்சல் ஆகஸ்ட் 20க்குள் தபாலில் சேர்க்கப்படும். உங்கள் கைக்கு வர அதற்கு மேல் தபால் எடுக்கும் நாள்கள் ஆகும். ஆகஸ்ட் கடைசி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்."

பழைய வரியில "ஜனவரி 3 முதல்"னு இருந்துச்சே, அந்த "முதல்" ஒரு திருட்டு வார்த்தை. மூணாம் தேதி ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்தாக்கூட எழுத்துப்படி நான் சொன்னது உண்மை. படிக்கறவங்க மட்டும் மூணாம் தேதி தன் கையில இருக்கும்னு எடுத்துப்பாங்க. அதனால இந்த முறை முதல் பார்சல் எப்போன்னு சொல்லவே இல்ல, கடைசிப் பார்சல் எப்போன்னு மட்டும்தான். அனுப்பறது என் வேலை, அதுக்கு நான் பொறுப்பு. போய்ச் சேர்றது தபால், அதுக்கு நான் தேதி கொடுக்க முடியாது. ரெண்டையும் ஒரே தேதியாக் குழப்பினா பிரச்சனைதான்.

ஆகஸ்ட் 20 எப்படி வந்துச்சு? நான் புதுசா எதையும் மதிப்பிடல. போன தடவை நிஜமா ஆன நாளை அப்படியே எடுத்துக்கிட்டேன். ஜூன் 14ல இருந்து வடிவமைப்பு 9 நாள், அதுக்கு மேல கடைசி மெய்ப்பு ஒரு வாரம். ஜூன் முடிவுக்குள்ள ஃபைல் ரெடி. முன்பதிவு நடக்கற நாள்லயே இது நடந்துடும். ஜூலை 5ல எண்ணிக்கை தெரிஞ்சதும் ஆறாம் தேதி பிரஸ்.

பிரஸ்ல இந்தத் தடவையும் "பத்து நாள் தம்பி"ன்னுதான் சொன்னார். அவர் பொய் சொல்லல. அந்தப் பத்து நாள் எங்க இருந்து ஆரம்பிக்குதுன்னு நான்தான் போன முறை கேக்கல. ஃபைல் கொடுத்த நாள்ல இருந்து இல்ல. ஒரு மாதிரிப் பிரதி அடிச்சுக் கொடுப்பாங்க, அதைப் பார்த்து நான் ஓகே சொன்ன நாள்ல இருந்துதான் பத்து. போன தடவை மாதிரிப் பிரதியில அட்டை கலர் மங்கலா இருந்துச்சு, மாத்தி ரெண்டாவது அடிக்கச் சொன்னேன். அது போச்சு ஆறு நாள். பொங்கலுக்கு நாலு நாள் லீவு. கண்காட்சி சீசன்ல எல்லாப் பதிப்பகமும் அங்கதான் நிக்கும், 212 பிரதிக்காரன் எனக்கு வரிசை கடைசியிலதான். ஜூலைல பொங்கலும் இல்ல, சீசனும் இல்ல. ஆனாலும் 21 நாளையே வெச்சுக்கிட்டேன். ஜூலை 27.

பார்சல்ல ஒரு தப்பு பண்ண இருந்தேன். போன தடவை எட்டு நாள் ஆச்சு, எட்டுன்னு போட்டுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது, அது 212 பார்சலுக்கு. ஆபீஸ் முடிஞ்சு வந்து ஒரு சாயங்காலத்துக்கு 26, 27 கட்டியிருக்கேன். முதல்ல நான் நெனச்ச வேகம் ஒரு பார்சலுக்கு ஒரு நிமிஷம். நிஜத்துல முகவரி ஒட்டணும், பின்கோடு இல்லாதவங்களுக்கு போன் அடிக்கணும், டேப் ரோல் முனையைத் தேடணும். இந்த முறை 300 வந்தா அதே வேகத்துல 12 சாயங்காலம். ஆகஸ்ட் 8. அதுக்கு மேல இன்னொரு 12 நாள் சும்மா விட்டிருக்கேன். அதான் 20. மாதிரிப் பிரதி ரெண்டாவது தடவை அடிக்க வேண்டி வந்தாலும் தாங்கும். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் தாங்கும். பிரஸ்ல பைண்டிங் பசை சரியா நிக்காம பக்கம் உதிர்ந்து, மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பற அளவுக்குப் போச்சுன்னா தாங்காது.

தேதியைத் தள்ளி வெச்சா ஆள் வாங்க மாட்டாங்களேன்னு என் கூட வேலை செய்யற ஒருத்தன் கேட்டான். "டேய், ஜூலைன்னு போடு, அப்புறம் சாரி சொல்லிக்கலாம்." சில பேர் குறையலாம், உண்மைதான். ரெண்டு மாசம் எவன் காத்திருப்பான்னு போயிடுவாங்க. அவங்க செப்டம்பர்ல 250க்கு வாங்கட்டும். முன்பதிவுல எனக்கு வேண்டியது காத்திருக்கத் தயாரா இருக்கறவங்க.

தாங்காமப் போனா என்ன பண்ணுவேன்ங்கறது கடைசிப் பகுதி.

"ஜூலை 6, ஜூலை 27, ஆகஸ்ட் 8 ஆகிய மூன்று நாள்களில் வேலை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு மின்னஞ்சல் வரும். தாமதம் என்று தெரிந்தால், தெரிந்த இரண்டு நாளுக்குள் சொல்வேன். பார்சல் அனுப்பும் வரை எப்போது வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். ஏழு நாளுக்குள் அதே யுபிஐ கணக்குக்கு வரும்."

போன தடவை நான் பண்ணின பெரிய தப்பு, லேட் ஆகும்னு டிசம்பர் 20 வாக்குலயே தெரிஞ்சும் ஜனவரி 4 வரைக்கும் வாயைத் திறக்கல. எப்படியாவது சமாளிச்சிடலாம்னு ஒரு நப்பாசை. 212 பேர்ல பதினோரு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டாங்க. பதினோரு பேரும் ஜனவரி 4க்கு அப்புறம். மெயில்ல அவங்க திட்டினது தாமதத்தை இல்ல, தேதி தாண்டி மறுநாள் சொன்னதை. இந்த முறை முன்பதிவுப் பணம் தனிக் கணக்குல இருக்கும். பிரஸ் பில்லுக்கு மட்டும்தான் அதுல கை வெப்பேன். அந்த பில்லைக் கட்டின அப்புறம் யாராவது பணம் திருப்பிக் கேட்டா என் சம்பளத்துல இருந்து போகும், அதுக்கும் ஒரு தொகை ஒதுக்கி வெச்சிருக்கேன்.

வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த முறை உங்களுக்கு அச்சுப் பிரதி அனுப்பல. போன தடவை ரெண்டு பார்சல் திரும்பி வந்துச்சு, தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிடுச்சு. மின்னூல் செப்டம்பர்ல வரும். அதுக்கு இப்போ பணம் வாங்கல, ஏன்னா அந்த ஃபைலை நான் இன்னும் தொடவே இல்ல.

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஃபார்ம் திறக்கும். முகவரியை எந்த மொழியில வேணும்னாலும் எழுதுங்க, பின்கோடு இல்லாம ஃபார்ம் சப்மிட் ஆகாத மாதிரி பண்ணியிருக்கேன். போன் நம்பர் கேக்கும், அது பார்சலுக்கு மட்டும். ஒட்டுத்தாள் வேணுமான்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதுல பேர் எழுதற இடம் கிடையாது, வெறும் கையெழுத்துதான். ஜூலை 6 மெயில்ல எத்தனை பேர் வந்தீங்கங்கற எண்ணிக்கையும் இருக்கும். அடுத்த வாரம் வழக்கம் போல ஒரு கெஸ்ட் வர்றாங்க, சந்திப்போம்.